31.24 எப்படி 31.23 ஆனது?

அமெரிக்காவின் கிழக்குக் கரையில் கோடைக்காலத்து இரவு 11 மணி என்றால் சென்னையில் மறுநாள் காலை 8.30. அங்கே நடக்கும் இரவு வேலையை இங்கே பழைய மகாபலிபுரம் சாலையில், காலை டிபனை முடித்துவிட்டு வந்து உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்போம். நான் பார்த்தது ஒரு அமெரிக்கக் காப்பீட்டு நிறுவனத்தின் வேலை. அவர்களுடைய பாலிசிக் கணக்கு முழுக்க ஐபிஎம் மெயின்ஃப்ரேமில் இருந்தது. ஒவ்வொரு நாளும் மாறிய பாலிசிகளின் நிலுவை இரவில் ஒரு ஃபைலாக வெளியே வரும். அதைப் படித்து, புதிதாகக் கட்டியிருந்த போஸ்ட்கிரஸ் டேட்டாபேஸில் ஏற்ற வேண்டும். அங்கே விடிந்து, வாடிக்கையாளர் ஒருவர் போன் செய்தால், எதிர்முனையில் இருப்பவரின் திரையில் சரியான தொகை தெரிய வேண்டும்.

ஏற்றத் தொடங்கிய இரண்டாம் நாள், ஒரு பாலிசிதாரர் கட்ட வேண்டிய 31.24 டாலர், புதிய டேட்டாபேஸில் 31.23 என்று இருந்தது. இன்னொருவருக்கு நிறுவனம் 31.26 டாலர் திருப்பித் தர வேண்டும். அவரோ 31.25 டாலர் பாக்கி வைத்திருப்பவராக மாறியிருந்தார். கூட்டலில் தவறு இல்லை, வட்டிக் கணக்கிலும் தவறு இல்லை. எழுத்தை மொழிபெயர்க்கும் ஒரு சாதாரணக் கட்டளை, எழுத்தல்லாத ஒன்றையும் சேர்த்து மொழிபெயர்த்துவிட்டது. அந்தக் கட்டளையை எழுதியது நான்.

முதலில் அந்த ஃபைல் எப்படி இருக்கும் என்று சொல்லிவிடுகிறேன். அதில் காற்புள்ளி கிடையாது, தலைப்பு கிடையாது, வரி முடிவும் கிடையாது. ஒரு பாலிசிக்கு 40 பைட். அது முடிந்த இடத்திலேயே அடுத்த பாலிசி ஆரம்பிக்கும். எந்த பைட்டில் என்ன இருக்கிறது என்பது ஃபைலுக்குள் எங்கும் எழுதப்பட்டிருக்காது. அதைச் சொல்வது, கோபோல் நிரலாளர்கள் காப்பிபுக் என்று அழைக்கும் தனியான ஒரு சிறு குறிப்பு. எங்களுடையதைச் சுருக்கினால் இப்படி இருக்கும்:

```
01  POLICY-REC.
    05  POL-NO       PIC X(8).
    05  HOLDER-NAME  PIC X(20).
    05  BALANCE      PIC S9(7)V99 COMP-3.
    05  DUE-DATE     PIC 9(7) COMP-3.
    05  STATUS-CD    PIC X.
    05  FILLER       PIC X(2).
```

முதல் 8 பைட் பாலிசி எண். அடுத்த 20 பைட் பெயர். இவை இரண்டும் எழுத்து. 29-ஆவது பைட்டிலிருந்து 33 வரை நிலுவைத் தொகை. 34 முதல் 37 வரை கெடு தேதி. பிறகு நிலையைக் குறிக்கும் ஓரெழுத்து, கடைசியில் இரண்டு பைட் வெற்றிடம். நிலுவையும் தேதியும் எழுத்து அல்ல என்பதைச் சொல்வது `COMP-3` என்ற அந்தச் சின்னச் சொல் மட்டுமே.

பழைய தமிழ்ப் பத்திரங்களைப் படித்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது. தமிழ் எண்களில் எட்டைக் குறிக்கும் வடிவம் 'அ' போலவே இருக்கும். ஏழு 'எ' போல, ஒன்று 'க' போல. பத்திரத்தில் அந்த வடிவம் எழுத்தா எண்ணா என்பதை அது நிற்கும் இடம்தான் சொல்லும். நிலத்தின் அளவு வரும் இடத்தில் நின்றால் எட்டு, பெயரின் தொடக்கத்தில் நின்றால் அகரம். மெயின்ஃப்ரேம் ஃபைலும் அப்படித்தான். ஒரே பைட் 15-ஆவது இடத்தில் எழுத்து, 30-ஆவது இடத்தில் இரண்டு இலக்கம்.

பைட் என்பதை இரண்டு அறை கொண்ட ஒரு சிறு பெட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வோர் அறையிலும் 16 குறிகளில் ஒன்றை வைக்கலாம்: 0 முதல் 9 வரை, அதன்பின் A முதல் F வரை. C1, 40, 6D என்று கணினிக்காரர்கள் எழுதுவதெல்லாம் இந்த இரண்டு அறைகளைத்தான். எந்தப் பெட்டி எந்த எழுத்து என்பது ஓர் உடன்பாடு. அந்த உடன்பாடு உலகத்தில் ஒன்றாக இல்லை.

ஐபிஎம் 1964 ஏப்ரல் 7 அன்று சிஸ்டம்/360 வரிசைக் கணினிகளை அறிவித்தபோது, அவற்றோடு வந்த எழுத்துக் குறியீடு எப்சிடிக். அதற்கு முந்தைய ஆண்டே ஆஸ்கி என்ற பொதுக் குறியீடு வெளிவந்திருந்தாலும், எப்சிடிக் துளை அட்டைகளின் வழி வந்தது. அட்டையில் எழுத்துகளை மூன்று கூட்டமாகப் பிரித்துத் துளையிட்டார்கள். அதனால் எப்சிடிக்கில் A முதல் I வரை C1 முதல் C9, J முதல் R வரை D1 முதல் D9, S முதல் Z வரை E2 முதல் E9. நடுவில் இடைவெளிகள் இருக்கும். SMITH என்ற பெயர் E2 D4 C9 E3 C8 என்று உட்கார்ந்திருக்கும். ஆஸ்கியிலும் அதன் வழி வந்த இன்றைய யூனிகோடிலும் A என்பது 41, வெற்றிடம் 20. எப்சிடிக்கில் வெற்றிடம் 40. பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்த கடிதத்தை அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் என்ன தெரியுமோ, எப்சிடிக் ஃபைலை நம் மடிக்கணினியில் திறந்தால் அதுதான் தெரியும்.

இதை மாற்ற அட்டவணை உண்டு. E2 வந்தால் 53 போடு, D4 வந்தால் 4D போடு என்று 256 பைட்டுக்கும் ஒரு பட்டியல். லினக்ஸில் ஒரே வரி போதும்:

```
iconv -f IBM037 -t ISO-8859-1 policy.dat > policy.txt
```

ஓட்டினேன். பெயர்கள் அழகாக வந்தன, பாலிசி எண்கள் வந்தன. ஃபைலின் அளவும் மாறவில்லை. 40-ஆல் வகுத்தால் மீதி வரவில்லை. நல்ல அறிகுறி என்றுதான் நினைத்தேன். சோதனைக்குக் கொடுத்த ஃபைலில் தொகைகளும் சரியாக வந்தன. அது ஏன் சரியாக வந்தது என்பதற்குப் பிறகு வருகிறேன்.

இப்போது அந்த `COMP-3`. தமிழில் சொன்னால் அடைத்து வைத்த பதின்ம எண். புழக்கத்தில் பேக்டு டெசிமல். 1960-களில் நினைவகம் பொன் விலை. ஒன்பது இலக்கத் தொகையை எழுத்தாக எழுதினால் ஒன்பது பைட் ஆகும். ஆனால் ஓர் இலக்கத்துக்குப் பெட்டியின் ஓர் அறையே போதுமே! ஆகவே ஒரு பைட்டில் இரண்டு இலக்கம் வைத்தார்கள். கடைசிப் பெட்டியின் கடைசி அறையை மட்டும் கூட்டல் கழித்தல் குறிக்கு ஒதுக்கினார்கள். அங்கே C இருந்தால் கூட்டல், D இருந்தால் கழித்தல், F இருந்தால் குறியே இல்லாத எண். ஒன்பது இலக்கமும் ஒரு குறியும் சேர்ந்து பத்து அறை, அதாவது ஐந்து பைட். தசமப் புள்ளி எங்கும் சேமிக்கப்படாது. காப்பிபுக்கில் உள்ள `V` என்ற எழுத்து, புள்ளி இங்கே இருப்பதாகக் கொள் என்று சொல்கிறது.

31.24 டாலர் என்பது 000003124 என்ற ஒன்பது இலக்கம், பின்னால் C. பெட்டிகளாகப் பிரித்தால் 00 00 03 12 4C. மெயின்ஃப்ரேமில் ஃபைலைத் திறந்து `HEX ON` என்று அடித்தால், ஒவ்வொரு பைட்டின் மேலறையும் கீழறையும் ஒன்றன்கீழ் ஒன்றாகத் தெரியும்:

```
00014
0032C
```

மேலிருந்து கீழாக, பத்தி பத்தியாகப் படிக்க வேண்டும்: 00, 00, 03, 12, 4C. இரண்டு நாள் பழகினால் தொகை தானாகக் கண்ணில் படும்.

புதிய தலைமுறை நிரலாளர்கள் இதைக் கண்டால் பழைய காலத்துக் குப்பை என்று சலித்துக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன். எனக்கு அதில் உடன்பாடில்லை. பணத்தைப் பதின்ம இலக்கமாகவே வைத்து, பதின்ம இலக்கமாகவே கூட்டும் கட்டளைகள் அந்தக் கணினியின் வன்பொருளிலேயே இருக்கின்றன. இன்று பலரும் யோசிக்காமல் பயன்படுத்தும் மிதவைப் புள்ளி எண்ணில் பத்து காசைக்கூட, அதாவது 0.10-ஐ, மிச்சமில்லாமல் எழுத முடியாது. பணத்துக்கு எது பொருத்தம் என்று கேட்டால் பழையவர்கள் செய்ததுதான் பொருத்தம். அதனால்தான் போஸ்ட்கிரஸில் அந்தப் பத்தியை `numeric(9,2)` என்று வைக்கிறோம். அங்கே `float` போட்டுவிட்டால், இவ்வளவு பாடுபட்டுக் கொண்டுவந்த சென்ட்டை வாசலில் தொலைப்பது போலாகும்.

இப்போது என்னுடைய `iconv` வரி 00 00 03 12 4C-ஐ என்ன செய்தது என்று பாருங்கள். அதற்கு இவை தொகை என்று தெரியாது. எழுத்து என்று நினைத்து அட்டவணையில் தேடியது. 00, 03, 12 ஆகியவை கட்டுப்பாட்டுக் குறிகள், இரண்டு குறியீட்டிலும் ஒன்றே. அவை மாறவில்லை. 4C என்பது எப்சிடிக்கில் '<' என்ற குறி. நம் பக்கத்தில் அதன் எண் 3C. ஆகவே வெளியே வந்தது 00 00 03 12 3C. கடைசி அறையில் C அப்படியே இருக்கிறது. மற்ற அறைகளிலெல்லாம் ஒழுங்கான இலக்கங்கள். எந்தச் சோதனையும் இதைப் பிடிக்காது. பிரித்துப் படித்தால் 31.23.

அடுத்தவர் கதை இன்னும் மோசம். கழித்தல் 31.26 என்பது 00 00 03 12 6D. எப்சிடிக்கில் 6D என்றால் அடிக்கோடு. நம் பக்கத்தில் அடிக்கோடு 5F. கழித்தலைக் குறிக்கும் D போய், குறியில்லாத எண்ணைக் காட்டும் F வந்து உட்கார்ந்துவிட்டது. ஆறு ஐந்தானது. நிறுவனம் தர வேண்டிய 31.26, அவர் கட்ட வேண்டிய 31.25 ஆயிற்று.

எல்லாத் தொகையும் இப்படிக் கமுக்கமாகக் கெடுவதில்லை. 1,234.56-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 00 01 23 45 6C. மாற்றியபின் 00 01 83 E1 25. இலக்கம் இருக்க வேண்டிய இடத்தில் E வந்திருக்கிறது. குறி இருக்க வேண்டிய இடத்தில் 5. இதை என் நிரல் கண்டுகொண்டு, ஏற்றாமல் தனியாக ஒரு ஃபைலில் ஒதுக்கிவைத்தது. சோதனை ஃபைல் ஏன் தேறியது என்பதும் இப்போது புரியும். அதில் இருந்தவை எல்லாம் புதிதாகத் தொடங்கிய பாலிசிகள். நிலுவை சுழியம். 00 00 00 00 0C என்பதை எத்தனை முறை மாற்றினாலும் 00 00 00 00 0C தான் வரும். கெடுதி தங்குவதற்கு அந்தத் தொகைகளில் இடமே இல்லை.

முதல் நாள் நிஜ ஃபைல் வந்தபோது ஒதுக்கப்பட்டவை குவிந்தன. எங்கள் குழுவின் முதல் யோசனை இயல்பானதுதான்: ஒதுக்கப்பட்டவற்றை மட்டும் மெயின்ஃப்ரேமிலிருந்து கையால் எடுத்துத் திருத்தி ஏற்றிவிடலாம், மற்றவை ஏறிவிட்டனவே. இரண்டாம் நாளும் அதே குவியல் வந்தபோது, கோபோலில் பல வருடம் ஊறிய மூத்தவர் ஒருவர், நாங்கள் அண்ணா என்று கூப்பிடுபவர், என் மேசைக்கு வந்து நின்றார்.

"ஒதுங்கினது தப்புன்னு தெரியுது. ஏறினது சரின்னு எப்படிச் சொல்றீங்க?" என்றார்.

"நிரல் செக் பண்ணித்தானே அண்ணா ஏத்துது?"

"அது இலக்கமா இல்லையான்னுதானே பாக்குது? தொகை சரியான்னு எங்க பாக்குது?"

என்னிடம் பதில் இல்லை. அவர் மாற்றிய ஃபைலைச் சாதாரண எடிட்டரில் திறக்கச் சொன்னார். வரி முடிவே இல்லாத ஃபைல் அது. ஒரே நீண்ட வரியாகத்தான் தெரிய வேண்டும். ஆனால் அங்கங்கே வரி உடைந்து கீழே இறங்கியிருந்தது. உடைந்த இடத்துக்கு மேலே இருந்த பாலிசி எண்ணை மெயின்ஃப்ரேம் திரையில் போட்டுப் பார்த்தோம். நிலுவை 22.50. அடுத்த உடைசல், 250.10. அண்ணா தாளில் எழுதினார்: 00 00 02 25 0C. அதன் கீழே 00 00 25 01 0C. இரண்டிலும் 25 ஒரே பெட்டிக்குள் இருந்தது. எப்சிடிக்கில் 25 என்பது வரி மாற்றும் குறி. நம் பக்கத்தில் அது 0A ஆகி, எடிட்டரில் அடுத்த வரிக்குத் தள்ளிவிட்டிருக்கிறது. "தொகையை எழுத்தா மாத்திட்டீங்க" என்றார். பிறகுதான் ஏறியவற்றில் பத்துப் பதினைந்தை எடுத்து மெயின்ஃப்ரேமோடு ஒப்பிட்டோம். 31.23-உம் 31.25-உம் அப்போது கிடைத்தவை.

இதே பிழை ஃபைலை நகர்த்தும்போதும் வரும். எஃப்டிபி வழியாக மெயின்ஃப்ரேமிலிருந்து இறக்கும்போது, எழுத்து முறையில் இறக்கினால் அதுவே வழியில் மொழிபெயர்த்துவிடும், வரி முடிவும் சேர்த்துவிடும். `binary` என்று சொன்னால்தான் பைட்டைத் தொடாமல் கொண்டுவரும். மாற்றத்தின் இலக்கு யூனிகோட் யுடிஎஃப்-8 என்று வைத்தாலோ, 80-க்கு மேற்பட்ட எண்ணாக மாறும் ஒவ்வொரு பைட்டும் இரண்டாக வீங்கி, 40 பைட் கணக்கே கலைந்துவிடும். ஒரு வகையில் அது நல்ல விபத்து. உடனே கண்ணில் படும். என் கட்டளையில் அளவு மாறவில்லை என்பதுதான் என்னை ஏமாற்றியது.

திருத்தம் பெரிதல்ல. ஃபைலை முழுசாக மொழிபெயர்க்கக் கூடாது. பைட்டாகவே இறக்கி, 40 பைட்டாக வெட்டி, ஒவ்வொரு துண்டிலும் காப்பிபுக் காட்டும் இடத்தில் பிரித்து, எழுத்துப் பகுதியை மட்டும் அட்டவணை வழியாக அனுப்ப வேண்டும். தொகைப் பகுதியை அறை அறையாகப் படிக்க வேண்டும். பைத்தானில் அது இவ்வளவுதான்:

```
from decimal import Decimal

def unpack(b, scale):
    h = b.hex()
    digits, sign = h[:-1], h[-1]
    if not digits.isdigit() or sign not in "cdf":
        raise ValueError(h)
    n = Decimal(digits).scaleb(-scale)
    return -n if sign == "d" else n

name = rec[8:28].decode("cp037").rstrip()
balance = unpack(rec[28:33], 2)
```

பைத்தான் சுழியத்திலிருந்து எண்ணும், அதனால் 29-ஆவது பைட் இங்கே 28. கெடு தேதியையும் இதே செயல்கூறு படிக்கும். எங்கள் ஃபைலில் தேதி என்பது ஆண்டும் அந்த ஆண்டின் எத்தனையாவது நாள் என்பதும் சேர்ந்த ஏழு இலக்கம். 20 24 06 0F என்றால் 2024-இன் 60-ஆவது நாள், பிப்ரவரி 29.

எழுதிமுடித்து ஓட்டியபின்னும் சில பாலிசிகள் ஒதுங்கின. அவற்றின் தொகைப் பகுதியில் 40 40 40 40 40 என்று இருந்தது. எப்சிடிக் வெற்றிடம் ஐந்து. எப்போதோ ஒரு நிரல் ரெக்கார்ட் முழுவதையும் வெற்றிடத்தால் நிரப்பி, தொகையை எழுதாமலே விட்டிருக்கிறது. மெயின்ஃப்ரேமில் அந்தத் தொகையைக் கூட்ட முயன்றால் வேலை `S0C7` என்று சொல்லி விழுந்துவிடும். கோபோல்காரர்களை நடுராத்திரியில் எழுப்பும் எண் அது. யாரும் கூட்ட முயலாததால் இவை அங்கே பல காலம் நிம்மதியாகக் கிடந்திருக்கின்றன. இங்கே என்ன செய்வது? சுழியம் என்று போட்டுவிட்டால் வேலை சுலபமாக முடியும். நான் அதை ஒப்புக்கொள்ளவில்லை. நிலுவை இல்லை என்பதும் நிலுவை தெரியாது என்பதும் வேறு வேறு. போஸ்ட்கிரஸில் `NULL` என்று ஏற்றி, பட்டியலைக் கணக்குப் பிரிவுக்கு அனுப்பினோம். அவர்கள் பார்த்துச் சொன்னார்கள், அவை பணம் வாங்கும் முன்பே கைவிடப்பட்ட விண்ணப்பங்கள் என்று.

எழுத்துப் பகுதியிலும் ஒரு கண்ணி உண்டு. எப்சிடிக் என்பது ஒன்றல்ல. நாட்டுக்கு நாடு அட்டவணை உண்டு. அமெரிக்காவுக்கு 037, ஜெர்மனிக்கு 273, பன்னாட்டுப் பயனுக்கு 500. ஆங்கிலப் பெரிய எழுத்துகளும் இலக்கங்களும் இவற்றிலெல்லாம் ஒரே இடத்தில் இருப்பதால், தவறான அட்டவணையை எடுத்தாலும் தொண்ணூற்றொன்பது பெயர் சரியாகவே வரும். நூறாவது பெயர் Müller ஆக இருக்கும். ஜெர்மன் அட்டவணையில் ü என்பது D0. அமெரிக்க அட்டவணையில் D0 என்பது வளைந்த அடைப்புக்குறி. அவர் M}ller ஆகிவிடுவார். ஒருவரின் பெயரைச் சிதைத்துக் கடிதம் அனுப்புவது சென்ட் தவறுவதைவிடச் சின்ன விஷயம் அல்ல. அதனால் ஏற்றும் முன்பு, பெயர்ப் பத்தியில் எழுத்தும் வெற்றிடமும் புள்ளியும் மேற்குறியும் தவிர வேறென்ன குறி வருகிறது என்று ஒரு பட்டியல் எடுக்கப் பழகினோம். அடைப்புக்குறியோ ஆச்சரியக்குறியோ பெயருக்கு நடுவில் இருந்தால் அட்டவணையைச் சந்தேகிக்க வேண்டும். பெயருக்குப் பின்னால் வெற்றிடத்துக்குப் பதில் 00 பைட் வந்தால் போஸ்ட்கிரஸ் அதை ஏற்கவே ஏற்காது. முழு ஏற்றமும் நின்றுவிடும். அதையும் இந்த இடத்திலேயே களைந்துவிட வேண்டும்.

இவ்வளவும் செய்த பிறகும் அண்ணாவின் கேள்வி அப்படியே நின்றது: ஏறினது சரி என்று எப்படித் தெரியும்?

பதில் முதல் நாளிலிருந்தே ஃபைலுக்குள் இருந்தது. கடைசி 40 பைட் ஒரு பாலிசி அல்ல. மெயின்ஃப்ரேம் வேலை தான் எழுதிய பாலிசிகளின் எண்ணிக்கையையும், எல்லா நிலுவைகளின் கூட்டுத்தொகையையும் அதில் எழுதி முடிக்கும். டிரெய்லர் என்பார்கள். வங்கியில் சலானின் அடியில் மொத்தம் எழுதுகிறோமே, அது போல. காப்பிபுக்கில் அதற்குத் தனி வடிவம் கொடுத்திருந்தார்கள். நான் அதைப் படிக்காமல், கடைசி ரெக்கார்டைத் தள்ளிவிடு என்று எழுதியிருந்தேன்.

மூன்றே பாலிசி கொண்ட ஒரு ஃபைலை நினைத்துப் பாருங்கள். 31.24 ஒன்று, கழித்தல் 31.26 ஒன்று, சுழியம் ஒன்று. டிரெய்லர் சொல்லும்: மூன்று பாலிசி, மொத்தம் கழித்தல் 0.02. என் பழைய முறையில் ஏறியவை 31.23, 31.25, 0.00. எண்ணிக்கை மூன்றுதான், ஒன்றுகூட ஒதுங்கவில்லை. மொத்தம் மட்டும் 62.48. அறை அறையாகச் செய்யும் எந்தச் சோதனையும் காணாததை இந்த ஒரு கூட்டல் காட்டிவிடும்.

இதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. கூட்டலை நிரலுக்குள் செய்து ஒப்பிட்டால் பாதிதான் நிச்சயம். நிரலிலிருந்து டேட்டாபேஸுக்குப் போகும் வழியிலும் தவறு நேரலாம். ஆகவே எல்லாவற்றையும் முதலில் ஒரு தற்காலிக அட்டவணையில் ஏற்றி, அங்கிருந்தே கூட்டினோம்:

```
SELECT count(*), sum(balance) FROM policy_stage;
```

ஏறிய எண்ணிக்கையும் ஒதுங்கிய எண்ணிக்கையும் சேர்ந்தால் டிரெய்லரின் எண்ணிக்கை வர வேண்டும். நிலுவைத் தொகையின் கூட்டு ஒரு சென்ட் பிசகாமல் டிரெய்லரோடு பொருந்த வேண்டும். வெற்று நிலுவைகள் கூட்டலில் சேரா. மெயின்ஃப்ரேமும் அவற்றைத் தொடாமல் தாண்டியிருப்பதால் கணக்கு ஒத்துப்போகும். இரண்டில் எது பொருந்தாவிட்டாலும் நிஜ அட்டவணையைத் தொடவே கூடாது, நேற்றைய நிலுவையே இன்னொரு நாள் இருக்கட்டும் என்று முடிவு செய்தோம். சேவை மையத்தில் பழைய தொகை தெரிந்தால், அது நேற்றைய நிலவரம் என்று அவர்களால் சொல்லிவிட முடியும். 31.25 பாக்கி என்று சொல்லப்பட்டவரிடம் யாராலும் எதையும் விளக்க முடியாது.

ஏற்கெனவே கெட்டுப்போயிருந்த இரண்டு நாள் தொகையைச் சரிசெய்ய வேண்டியிருந்தது. நான் பயன்படுத்திய அட்டவணை ஒன்றுக்கு ஒன்று என்று பொருந்துவது. எந்த இரண்டு பைட்டும் ஒரே பைட்டாக மாறுவதில்லை. அதனால் மாற்றிய ஃபைலைத் திருப்பி மாற்றினால் மூலம் அப்படியே கிடைத்துவிடும். எழுத்து முறை எஃப்டிபியில் கெட்டிருந்தால் இந்த வாய்ப்பை நம்ப முடியாது. வழியில் வெற்றிடம் வெட்டப்பட்டிருக்கலாம், வரி முடிவு நுழைந்திருக்கலாம். ஆனாலும் நாங்கள் அந்தக் குறுக்கு வழியில் போகவில்லை. மெயின்ஃப்ரேமில் இந்த இரவு ஃபைலைத் தலைமுறை வரிசையாக வைத்திருந்தார்கள். சுழியம் என்றால் இன்றையது, கழித்தல் 1 என்றால் நேற்றையது, கழித்தல் 2 முந்தாநாளையது. கழித்தல் 1-ஐயும் சுழியத்தையும் `binary` போட்டு மறுபடி இறக்கினோம்.

முதலில் பழையது, பிறகு புதியது. வரிசை மாறினால் முந்தைய நாள் நிலுவை இன்றைய நிலுவையின் மேல் ஏறிவிடும். ஒவ்வொன்றும் தற்காலிக அட்டவணையில் ஏறியதும், அண்ணா டிரெய்லரை மெயின்ஃப்ரேம் திரையிலிருந்து வாய்விட்டுப் படித்தார், நான் என் திரையில் இருந்ததைப் படித்தேன். இரண்டாவது ஃபைலின் மொத்தத்தை இருவரும் கடைசி சென்ட் வரை ஒரே மாதிரி படித்து முடித்தபோது மணி மாலை 5. அமெரிக்காவில் காலை 7.30. சேவை மையம் 8 மணிக்குத் திறக்கும்.